வயிற்று பைபாஸுக்குப் பிறகு: டம்பிங், சத்துக்குறைவு, ஆயுசுக்கும் தொடரும் மாத்திரைகள் (முழுமையான வழிகாட்டி)

பைபாஸ் ஆனவள் என்று சொன்னால் எல்லாரும் முதலில் என் நெஞ்சைத்தான் பார்ப்பார்கள். ஹார்ட் இல்லைங்க, வயிறு என்று சொன்னதும் அடுத்த கேள்வி, "அதான் உடம்பு இளைச்சாச்சே, இன்னும் எதுக்கு இவ்வளவு மாத்திரை?" ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நடுவில் ஒரு வருஷம் நானே அந்தக் கேள்வியை நம்பி எல்லாவற்றையும் நிறுத்தியும் பார்த்தேன், அந்தக் கதை கீழே வரும். நான் டாக்டர் இல்லை. எனக்கு ஆனது உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ரூ-ஆன்-ஒய் என்கிற கேஸ்ட்ரிக் பைபாஸ், அதனால் அதை வைத்துத்தான் எழுதுகிறேன், வயிற்றை மட்டும் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் ஆனவர்களுக்கு எது மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன். இதில் வரும் அளவுகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை. உங்கள் அளவை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: உள்ளே பாதை எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது புரியாமல் மாத்திரை அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஆறு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரண வயிறு என்பது ஒரு பெரிய பை. சோறு அங்கே போய் அமிலத்தோடு கலந்து, கஞ்சி மாதிரி ஆகி, கீழே பைலோரஸ் என்கிற வாயில் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும். அந்த வாயில்காரன் ரொம்பக் கறாரானவன், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விடமாட்டான். சிறுகுடலின் முதல் ஒரு சாண் பகுதிக்கு டியோடினம் என்று பெயர், தமிழில் முன்சிறுகுடல். இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் அங்கேயும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் உறிஞ்சப்படுகின்றன.

பைபாஸில் வயிற்றின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரிக்கிறார்கள். ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிகூட இல்லை. மீதி வயிற்றை வெட்டி எடுப்பதில்லை, உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. சிறுகுடலைக் கொஞ்சம் தள்ளி வெட்டி, கீழ்த்துண்டை மேலே இழுத்து அந்தச் சின்னப் பையோடு நேராகத் தைத்துவிடுகிறார்கள். பித்தநீரும் கணையநீரும் பழைய பாதையில் வந்து, ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளித்தான் சாப்பாட்டோடு சேர்கின்றன. ஆக வாயில்காரன் இல்லை, அமிலம் மிகக் குறைவு, முன்சிறுகுடலைச் சாப்பாடு தொடுவதே இல்லை. சாப்பிட்டது மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுவதால் வரும் டம்பிங், ரத்தசோகை, எலும்புத் தேய்மானம் என்று பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பைலோரஸும் முன்சிறுகுடலும் அப்படியே இருக்கும், அதனால் டம்பிங்கும் சத்துக்குறைவும் கொஞ்சம் குறைவு. இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. நம் ஊரில் இப்போது நிறைய செய்யப்படும் மினி பைபாஸில் குடலை இன்னும் நீளமாகத் தாண்டவிடுவது வழக்கம், ஆகவே அவர்கள் என்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கு எது செய்தார்கள், குடலில் எத்தனை சென்டிமீட்டர் தாண்டியிருக்கிறது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சாப்பிட்ட உடனே வரும் டம்பிங்கை அடையாளம் காணுங்கள்

ஆபரேஷன் ஆகி எட்டாவது மாதம், ஒரு கிரகப்பிரவேசம். இலையில் கேசரி வைத்தார்கள். மூன்று வாய்தான் சாப்பிட்டிருப்பேன், நெய் மணம், சூடு, யாருக்கு மனசு வரும் ஒதுக்க? பதினைந்து நிமிஷம் கழித்து நெஞ்சு படபடவென்று அடித்தது, முகம் சூடாகி வியர்த்துக் கொட்டியது, வயிறு முறுக்கியது. புது வீட்டின் புதுக் கழிப்பறையை நான்தான் திறந்துவைத்தேன். அப்புறம் முக்கால் மணி நேரம் ஒரு பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், எழுந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. ஹார்ட் அட்டாக் என்று பயந்து என் வீட்டுக்காரர் காரை எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

நடந்தது இதுதான். வாயில்காரன் இல்லாததால் சர்க்கரைப் பாகு அப்படியே சிறுகுடலில் போய் விழுந்துவிட்டது. அடர்த்தியான பாகு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் ஓடும், ஊறுகாய் ஜாடியில் உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிறதே அந்த மாதிரி, ரத்தத்தில் இருக்கும் நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் உப்பி முறுக்கும், பேதியாகும். ரத்தத்தில் நீர் குறைந்ததால் இதயம் வேகமாக அடிக்கும், தலை கிறுகிறுக்கும். இதோடு குடல் சுரக்கும் சில ஹார்மோன்களும் சேர்ந்துகொண்டு முகத்தைச் சிவக்கவைக்கும். சாப்பிட்டு பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் இது முந்திய டம்பிங்.

இது ஒன்றும் புதுசு இல்லை. முன்பெல்லாம் நம் பக்கம் அல்சருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் சிலர் "பாயசம் குடிச்சா உடம்பு பறக்குது" என்று சொல்லி ஒதுக்குவார்கள். அதுவும் இதே சங்கதிதான்.

வந்துவிட்டால் படுத்துவிடுங்கள், அதுதான் முதல் வைத்தியம். படுத்தால் தலைக்கு ரத்தம் போகும், வயிறு காலியாவதும் கொஞ்சம் தாமதமாகும். உடனே தண்ணீரைக் குடிக்காதீர்கள், அது மிச்சத்தையும் கீழே தள்ளிவிடும். அரை மணி கழித்து மெதுவாக மடக்கு மடக்காகக் குடிக்கலாம். அப்புறம் அன்றைக்கே ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் எதிரிகள் யார் என்று தெரிந்துவிடும். எனக்குக் கேசரி, கரும்புச்சாறு, சர்க்கரை போட்ட ஹார்லிக்ஸ், அதோடு பலரும் எதிர்பார்க்காத ஒன்று, வெறும் பால். பைபாஸுக்குப் பிறகு பாலில் உள்ள லாக்டோஸ் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது டம்பிங்கா, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாததா என்று பார்க்க, நான் ஒரு வாரம் பாலை நிறுத்தித் தயிர் மட்டும் சாப்பிட்டேன். வயிறு அடங்கிவிட்டது, விஷயம் புரிந்துவிட்டது.

மூன்றாம் படி: பிந்திய டம்பிங்கைச் சர்க்கரையால் விரட்டாதீர்கள்

இது வேறு ஜாதி. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும், பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் தலைகாட்டும். எனக்கு இரண்டாவது வருஷம் வந்தது. காலை எட்டரைக்கு இரண்டு இட்லியும் ஒரு பூவன் பழமும் சர்க்கரை போட்ட காப்பியும். பத்தரை மணிக்கு ஆபீஸில் கை நடுங்கியது, கண் மங்கியது, பக்கத்து சீட்டில் பேசுவது கேட்கிறது ஆனால் அர்த்தமாகவில்லை. மாமனாரின் சுகர் மெஷின் அதிர்ஷ்டவசமாக என் பையில் இருந்தது. 52 காட்டியது.

மாவுச்சத்தும் சர்க்கரையும் வேகமாகக் குடலில் விழுந்ததும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். குடல் அதைப் பார்த்துப் பதறி ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க, அது கணையத்தைத் தட்டி இன்சுலினைக் கொட்டவைக்கும். அதற்குள் குடலில் இருந்த சர்க்கரை தீர்ந்திருக்கும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். அதனால்தான் கீழே விழுகிறது.

இங்கேதான் எல்லாரும் தப்பு செய்வது. மயக்கம் வருகிறதா, ஒரு டம்ளர் குளுக்கோஸ் குடி என்பார்கள். குடித்தால் பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடும், ஒன்றரை மணி நேரத்தில் மறுபடியும் விழும், மறுபடியும் குடிப்பீர்கள், ஒரு நாள் முழுக்க ஊஞ்சல்தான். முதலில் மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை மட்டும், அதற்கு மேல் வேண்டாம். கால் மணி கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறியதும் ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடுங்கள். புரதமும் கொழுப்பும் மெதுவாகத்தான் சேரும் என்பதால் அது உங்களைத் தாங்கிப் பிடிக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வண்டி ஓட்டுபவர்கள் கை நடுங்கினால் ஓரம் கட்டிவிட்டுத்தான் மறுவேலை.

சாப்பாட்டை மாற்றியும் 54-க்குக் கீழே அடிக்கடி போனால் டாக்டரிடம் போங்கள். மாவுச்சத்து உறிஞ்சப்படுவதைத் தாமதமாக்கும் அகார்போஸ் என்ற மாத்திரை இதற்குப் பலருக்கு உதவுகிறது, அதற்கு அடங்காதவர்களுக்கு வேறு ஊசிகளும் இருக்கின்றன. ஏற்கெனவே சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இறங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அளவைக் குறைத்தே ஆக வேண்டியிருக்கும்.

நான்காம் படி: இலையில் வரிசையை மாற்றுங்கள்

இரண்டு டம்பிங்குக்கும் தடுப்பு ஒன்றுதான். தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் சோறு. நம் வழக்கத்துக்கு நேர் எதிர், நாம்தான் சோற்றை மலையாகக் குவித்துக் குழிபறித்துக் குழம்பை ஊற்றுபவர்கள் ஆயிற்றே. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று கணக்குப் போட்டால் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தெரியும். சைவக்காரர்கள் பன்னீர், தயிர், சோயா, பருப்பு என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் முதல் வருஷம் புரதப் பவுடர் இல்லாமல் எட்டுவது கஷ்டம்.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து விழுங்குவதும் அதே கதைதான், சரசரவென்று இறங்கிவிடும். ஆனால் மொத்தத்தில் நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், ஒரே மூச்சில் குடிக்க இடமில்லை என்பதால் பாட்டில் எப்போதும் கையில் இருக்க வேண்டும். குழைந்த சோறும் மெத்தென்ற பிரெட்டும் பலருக்கு உருண்டையாகத் திரண்டு நெஞ்சில் நின்றுவிடும், வாயில் எச்சில் ஊறி நுரை நுரையாக வரும். அது டம்பிங் இல்லை, மெல்லாமல் விழுங்கியதன் பலன்.

ஐந்தாம் படி: எந்தச் சத்து எப்போது தீரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் மாத்திரையை நிறுத்துபவர்கள் எல்லாரும் சொல்வது. அது பொய்யும் இல்லை. உடம்பில் ஒவ்வொரு சத்துக்கும் ஒரு குதிர் இருக்கிறது. வரவு நின்றாலும் குதிர் காலியாகும் வரை வீட்டில் சோறு வேகும். குதிர்களின் அளவு வேறு வேறு என்பதுதான் குழப்பமே.

மிகச் சின்னக் குதிர் தயமின் என்கிற பி1. இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களில் தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு இதுதான் முதல் ஆபத்து. கால் தள்ளாடும், கண் இரண்டாகத் தெரியும், பேச்சு முன்னுக்குப் பின் முரணாகும். இதை வெர்னிக்கி என்பார்கள், தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் உண்டு. நாலு நாள் வாந்தி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனால் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ் டிரிப். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும், இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அது தின்றுவிடும், நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அப்புறம். இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் எதுவுமே வயிற்றில் தங்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போவதுதான் நல்லது.

இரும்பு மாதக்கணக்கில் தீரும், மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இன்னும் வேகமாக. சோறு, கீரை, பருப்பில் இருக்கும் இரும்பைக் கரைத்து உறிஞ்சத் தகுந்த வடிவத்துக்கு மாற்ற அமிலம் வேண்டும், உறிஞ்ச முன்சிறுகுடல் வேண்டும், நமக்கு முதலாவது குறைவு, இரண்டாவது பாதையிலேயே இல்லை. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் போதும் என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: கீரையில் இரும்பு இல்லை என்று யார் சொன்னது, அதை இறக்க வேண்டிய ஸ்டேஷனில் என் ரயில் நிற்பதில்லை.

பி12 வருஷக்கணக்கு. கல்லீரலில் இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குக்கூட இருப்பு இருக்கும். சாப்பாட்டிலிருந்து அதைப் பிரிக்க அமிலம் வேண்டும், அப்புறம் வயிற்றின் சுவர் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற துணையோடுதான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படும். பைபாஸில் அந்தச் சுவரைச் சாப்பாடு தொடுவதில்லை, ஸ்லீவில் அதில் பெரும்பகுதியை வெட்டியே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஸ்லீவ்காரர்களுக்கும் இது ஆயுசுக்கும் உண்டு. பாதம் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதி என்று தெரிய ஆரம்பிக்கும்போது நரம்பு ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். கூடவே "கேஸ்" என்று தினமும் பான்டோபிரசோல் போடுபவர்கள், சுகருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இருவருக்கும் பி12 இன்னும் வேகமாக இறங்கும். தெரியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

கால்சியம்தான் மகா கள்ளன். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமே தடுமாறும், அதனால் உடம்பு அதைக் குறையவிடாது. பாராதைராய்டு ஹார்மோனை ஏற்றி எலும்பிலிருந்து உருவிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல் என்று இருக்கும், எலும்பு கரைந்துகொண்டிருக்கும். எனவே கால்சியம் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் அந்தப் பாராதைராய்டு ஹார்மோனைக் காட்டும் பி.டி.ஹெச்சும் வைட்டமின் டியும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாளாக நாளாகக் குடல் பழகிக்கொள்ளாதா என்றால், பழகும். உள்சுவர் தடிக்கும், பேதி குறையும், சாப்பிடும் அளவு கூடும், டம்பிங்கும் பலருக்குத் தணியும். ஆனால் அமிலம் திரும்பாது, தாண்டிவிட்ட பகுதி திரும்பப் பாதைக்குள் வராது. ஆயுசுக்கும் மாத்திரை என்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

நான் நிறுத்திய வருஷம்

மூன்றாவது வருஷம் 41 கிலோ குறைந்திருந்தேன், புடவை எல்லாம் பிளவுஸ் மாற்றியாகிவிட்டது, டம்பிங் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அம்மாவும் "ரசாயனத்தை எவ்வளவு நாளைக்கு முழுங்குவே" என்றார். ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பத்து மாதம் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் பச்சரிசி மெல்ல ஆரம்பித்தேன். சமையலுக்கு அளக்கும்போது ஒரு பிடி, டிவி பார்க்கும்போது ஒரு பிடி, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு டின்னைச் சத்தம் வராமல் திறந்து இன்னொரு பிடி. வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. அரிசி, ஐஸ்கட்டி, சாம்பல், சாக்பீஸ் என்று நாக்கு தேடினால் பல சமயம் அது இரும்புச்சத்துக் குறைவு. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, ராத்திரி கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 8.6, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5. பி12 171. வைட்டமின் டி 12, குறைந்தது 30 இருக்க வேண்டும். பி.டி.ஹெச் 118, மேல் எல்லை 65. கால்சியம்? 8.9, சுத்தமாக நார்மல்.

இரும்பு மாத்திரையை இரட்டிப்பாக்கினால் போதாதா என்று கேட்டேன். கதவே இல்லாத இடத்தில் எத்தனை பேரை நிறுத்தினால் என்ன என்றார் டாக்டர். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பை ஒரு வாரம் இடைவெளியில் இரண்டு முறை நரம்பில் ஏற்றினார்கள். பி12 ஊசி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாதம் 1000 மைக்ரோகிராம். வைட்டமின் டி 60,000 ஐ.யு. வாரம் ஒன்றாக எட்டு வாரம். பச்சரிசி ஆசை பத்து நாளில் போய்விட்டது, நம்பவே முடியவில்லை. ஹீமோகுளோபின் இரண்டு மாதத்தில் 11.8. பி.டி.ஹெச் மட்டும் 60-க்குக் கீழே இறங்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டது, எலும்பு அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதில்லை.

ஆறாம் படி: அட்டவணையைக் காப்பியைச் சுற்றி அமையுங்கள்

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். காப்பி, டீ, பால் மூன்றும் இரும்புக்கு ஆகாது. காலைக் காப்பியை விடமாட்டேன் என்பது என் முதல் நிபந்தனை, ஆகவே இரும்பு ராத்திரிக்குப் போனது.

ஆறரைக்குக் காப்பி. எட்டரைக்கு டிபன் முடிந்து மல்டிவைட்டமின். பதினொன்றரைக்கு ஒரு கால்சியம், சாயங்காலம் ஐந்துக்கு இன்னொன்று. ராத்திரி பத்துக்கு இரும்பு, கொஞ்சம் எலுமிச்சைத் தண்ணீரோடு. போனில் நாலு அலாரம், அவ்வளவுதான்.

கால்சியம் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட், அது கரைய அமிலம் வேண்டும். நமக்கு வேண்டியது கால்சியம் சிட்ரேட். சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500 அல்லது 600-க்கு மேல் வேண்டாம், உடம்பு அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், மாத்திரையில் நிஜமாக இருக்கும் "எலிமென்டல்" கால்சியம் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. இரும்புக்கும் அதே விதிதான், பைபாஸ் ஆன பெண்களுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் எலிமென்டல். வைட்டமின் டி தினம் 3000 ஐ.யு. என்பது தொடக்க அளவு. மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 பாக்கெட் மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட அதே கணக்கு வரும். ஆனால் கையில் இருக்கிறதே என்று வாரா வாரம் வருஷக்கணக்கில் சாப்பிடக் கூடாது, டி அதிகமானாலும் ஆபத்து.

மல்டிவைட்டமினில் தயமின் குறைந்தது 12 மில்லிகிராம், துத்தநாகம், செம்பு இரண்டும் இருக்க வேண்டும். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டும், பயந்துபோய் துத்தநாக மாத்திரையைத் தனியாக அள்ளிப் போடுபவர்கள் உண்டு. துத்தநாகம் அதிகமானால் செம்பு இறங்கும், செம்பு குறைந்தால் பி12 குறைவு மாதிரியே கால் தள்ளாடும். வேகமாக எடை குறைந்ததால் கொட்டும் முடி, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் தானாக அடங்கும். முடிக்கென்று பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் லேபில் சொல்லிவிடுங்கள், தைராய்டு, பி.டி.ஹெச் ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும்.

ஏழாம் படி: பரிசோதனை, கர்ப்பம், பர்ஸில் ஒரு சீட்டு

முதல் வருஷம் 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பி.டி.ஹெச், கால்சியம், ஆல்புமின். பைபாஸ் என்றால் துத்தநாகம், செம்பு, வைட்டமின் ஏ-யும் சேர்த்து. வெறும் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று திரும்பாதீர்கள், ஃபெரிட்டின் காலியான பிறகுதான் அது இறங்க ஆரம்பிக்கும்.

குழந்தை வேண்டும் என்பவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருஷம் தள்ளிப்போடச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். பைபாஸ் ஆனவர் அதைக் குடித்தால் அங்கேயே டம்பிங் வரும், ரிசல்ட்டும் நம்ப முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டில் மெஷினில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சீட்டு. என் பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ரூ-ஆன்-ஒய் கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆனவர். வாந்தியோடு வந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின். டைக்ளோஃபெனக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், தைத்த இடத்தில் புண் வரும், பாராசிட்டமால் பரவாயில்லை. மூக்கு வழிக் குழாயைப் பார்க்காமல் செலுத்தாதீர்கள். கடுமையான வயிற்றுவலி என்றால் கேஸ் என்று விடாமல் சி.டி. எடுங்கள், குடல் உள்ளே சிக்கியிருக்கலாம்."

கீழே என் வீட்டுக்காரர் போன் நம்பரும், ஆபரேஷன் தேதியும்.